பன்னிரண்டு மணி நேர ஓய்வும் கோலசிலாங்கூர் சாலையும்

கம்போங் குவாந்தான் பொதுமண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



கம்போங் குவாந்தான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மின்மினிப் பூச்சிதான் நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்தது இந்த ஊருக்கும் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கும் நடுவே கிடக்கும் சாலையைப் பற்றி. சுமார் 90, 100 கிலோமீட்டர். லத்தார் வழியாகப் போனாலும் கிள்ளான் வழியாகப் போனாலும், சாலை காலியாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் ஆவது வழக்கம். விமானப் பணியாளர்களின் வேலை நேரச் சட்டத்தில் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். நான் முதலில் கேபினில் வேலை பார்த்தவன். பிறகு ரோஸ்டர் போடும் மேசையில் உட்கார்ந்தவன். இரண்டு பக்கத்திலிருந்தும் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறேன்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு வேலை பெரட்டில் தொடங்கியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் போய் நின்று பேர் கொடுத்தால்தான் நாள் கணக்கு. லயத்திலிருந்து களத்துக்கு நடந்து வந்த நேரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. லயம் பக்கத்திலேயே இருந்ததால் அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. விமானப் பணியிலும் அதே ஏற்பாடுதான். ரிப்போர்ட்டிங் நேரம் என்று ஒன்று உண்டு. அந்த நிமிடத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆனால் இன்று பேத்தியின் வீட்டுக்கும் அவளுடைய பெரட்டுக்கும் நடுவே மூன்று டோல் சாவடிகள் இருக்கின்றன.

கடிகாரம் நிற்கும் இடத்தில் பலர் குழம்புகிறார்கள். இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பறப்புப் பணி நேரம். ரிப்போர்ட் செய்ததில் தொடங்கி, கடைசி விமானம் வந்து நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும்போது இது நின்றுவிடும். மற்றது மொத்தப் பணி நேரம். பயணிகள் இறங்கி, கேபினைச் சுற்றிப் பார்த்து, விற்பனைப் பணத்தை ஒப்படைத்து, எழுத வேண்டியதை எழுதி முடிக்கும் வரை இது ஓடும். அதற்கென்று அரை மணி நேரம் சேர்ப்பது பரவலான வழக்கம். ஒரு நாளில் எவ்வளவு நேரம் பறக்கலாம் என்பதற்கு முதல் கடிகாரம். அடுத்த வேலைக்கு முன் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதற்கு இரண்டாவது. இரண்டையும் கலந்தால் கணக்கு தப்பிவிடும்.

எண்களுக்கு வருவோம். நம் நாட்டில் மலேசிய சிவில் வான் போக்குவரத்து ஆணையத்தின், அதாவது காம் என்று நாம் சொல்லும் அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டுத்தான் விமான நிறுவனங்கள் இயங்குகின்றன. வேலை செய்யும் பிள்ளைகள் தங்கள் நிறுவனத்தின் ஆப்பரேஷன்ஸ் மேனுவலில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நான் ஐரோப்பிய ஒன்றியத்தின் அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். அது யாரும் பார்க்கும்படி அச்சில் இருக்கிறது. எண்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவைதான்: எப்போது தொடங்கினாய், எத்தனை செக்டர், அதற்குப் பிறகு எவ்வளவு ஓய்வு.

அந்த அட்டவணையில் காலை 6 மணி முதல் பிற்பகல் 1.29 வரை பணி தொடங்கினால், ஒன்று அல்லது இரண்டு செக்டருக்கு 13 மணி நேரம் பறப்புப் பணி செய்யலாம். மூன்றாவது செக்டரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் குறையும். மாலை 5 மணியிலிருந்து விடியற்காலை 4.59 வரை தொடங்கும் பணிக்கு 11 மணி நேரம்தான். அதிலும் செக்டர் கூடக் கூட அரை அரை மணியாகக் குறையும். இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை உடம்பு தன்னால் தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். அந்த நேரத்தை வெட்டிக்கொண்டு தொடங்கும் நாளைச் சட்டம் சுருக்கி வைக்கிறது.

செக்டர் எண்ணிக்கையை ஏன் பார்க்கிறார்கள் என்று சில பெற்றோர் கேட்பார்கள். பத்து மணி நேரம் பத்து மணி நேரம்தானே, ஒரே பயணமாகப் போனால் என்ன, நான்காகப் போனால் என்ன என்பார்கள். 180 பேர் அமரும் ஏர்பஸ் 320 விமானத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செக்டரிலும் அத்தனை பேரையும் ஏற்றி, பைகளை மேலே அடைத்து, பெல்ட் பார்த்து, பாதுகாப்பு விளக்கம் காட்டி, சாப்பாடு கொடுத்து, குப்பை வாங்கி, மறுபடி பெல்ட் பார்த்து இறங்க வேண்டும். புறப்படுமுன் கதவின் சறுக்குப் பலகையை ஆயத்த நிலைக்கு மாற்ற வேண்டும். வந்து நின்றதும் அதை விடுவிக்க வேண்டும். அந்தக் கதவில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. அது ஆயத்த நிலையில் இருக்கும்போது கதவின் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினாலே கண்ணாடிச் சாளரத்தின் கீழ் ஒரு வெள்ளை விளக்கு எரியும். நிறுத்து என்பதுதான் அதன் பொருள். அதைப் பார்க்காமல் கைப்பிடியை முழுவதும் தூக்கினால் சறுக்குப் பலகை வெடித்து விரியும். வெளியே படிக்கட்டில் ஒருவர் நின்றிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. இது தெரியாததால் நடக்கும் தவறு இல்லை. எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். நான்காவது இறக்கத்தில், விழித்துப் பதினான்கு மணி நேரம் ஆன கையும் கண்ணும் தனித்தனியாக வேலை செய்யத் தொடங்கும்போது நடப்பது. ‘சரிபார்த்தாச்சு’ என்று வாய் சொல்லும், கண் பார்த்திருக்காது.

இப்போது ஒரு பெண்ணின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயர் வேண்டாம், இந்த வட்டாரத்தில் வீடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு செக்டர்: கேஎல்ஐஏயிலிருந்து பினாங்கு போய்த் திரும்பி, பிறகு கோத்தா கினபாலு போய்த் திரும்ப வேண்டும். விமானிகளுக்கு ரிப்போர்ட்டிங் 5.00 மணி. கேபின் க்ரூவுக்கு அவர்களுடைய விளக்கக் கூட்டம் கொஞ்சம் நீளம் என்பதால் 4.45. முதல் விமானம் காலை 6 மணிக்குப் புறப்படும். கடைசி விமானம் பிற்பகல் 3.25க்கு வந்து நிற்கும் என்று ரோஸ்டர் சொல்கிறது.

இது சட்டத்துக்குள் அடங்குமா? கேபின் பணியாளர்களே தடுக்கி விழும் இடம் இது. அந்தப் பெண் தன் ரிப்போர்ட்டிங் நேரமான 4.45ஐ அட்டவணையில் தேடினால், அது 4.59க்கு முந்திய வரிசையில் விழும். நான்கு செக்டருக்கு 10 மணி நேரம் என்று வரும். 4.45லிருந்து 3.25 வரை 10 மணி 40 நிமிடம். ‘சட்டத்தை மீறி ரோஸ்டர் போட்டிருக்கிறார்கள்’ என்று அவள் கோபப்படுவாள். ஆனால் விதி வேறு. கேபின் க்ரூ விமானிகளுக்கு முன்னால் வர வேண்டியிருந்தால், அட்டவணையில் பார்க்க வேண்டியது விமானிகளின் ரிப்போர்ட்டிங் நேரம். 5.00 மணிக்கு நான்கு செக்டர் என்றால் 11 மணி நேரம் உண்டு. அதோடு இரு தரப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்க்கலாம். அந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இங்கே 15 நிமிடம். ஆக அவளுக்கு 11 மணி 15 நிமிடம். எண்ணத் தொடங்குவது மட்டும் அவள் வந்த 4.45லிருந்து. எனவே கடைசி எல்லை மாலை 4.00 மணி. ரோஸ்டர் சரிதான். கையில் மிச்சம் 35 நிமிடம்.

விமானிகளின் ரிப்போர்ட்டிங் பத்து நிமிடம் முந்தி, 4.50 என்று இருந்திருந்தால் என்ன ஆகும்? அட்டவணையில் 10 மணி நேர வரிசைக்குப் போயிருப்பார்கள். பத்து நிமிடத்தில் ஒரு மணி நேர வரம்பு போய்விடும். ரோஸ்டர் மேசையில் இருப்பவருக்கு இந்தக் கோடு நன்றாகத் தெரியும். அதனால்தான் 5.00 என்ற எண் அத்தனை ரோஸ்டர்களில் வருகிறது. அதில் குற்றம் இல்லை. தாளில் 5.00 என்று போட்டுவிட்டு, ‘எல்லாரும் கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க’ என்று வாய்மொழியாகச் சொன்னால், அது ஏமாற்று. வேலை தொடங்கிய நேரம்தான் ரிப்போர்ட்டிங் நேரம். அப்படி ஓர் இடத்தில் நானே வேலை பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். விளக்கக் கூட்டம் ரிப்போர்ட்டிங்குக்கு முன்பே முடிந்திருக்கும். பிள்ளைகளே, கூட்டத்துக்குக் கதவைத் திறந்து உள்ளே போன நேரத்தைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

சரி, அந்த நாள் நடக்கட்டும். பிற்பகல் கோத்தா கினபாலுவில் இடியும் மழையும். சாமான் ஏற்ற முடியவில்லை. 50 நிமிடத் தாமதம். விமானம் 4.15க்குத்தான் வந்து நிற்கும். எல்லை 4.00. இங்கே கேப்டனுக்கு ஓர் அதிகாரம் உண்டு. ரிப்போர்ட் செய்த பிறகு எதிர்பாராமல் வந்த தடங்கலுக்காக, வழக்கமான பணியாளர் எண்ணிக்கை உள்ள விமானத்தில் இரண்டு மணி நேரம் வரை வரம்பை நீட்டலாம். ஆனால் நீட்டுவதற்கு முன், களைப்பு எப்படி இருக்கிறது என்று பணியாளர் அனைவரையும் கேட்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ‘எல்லாரும் ஓகேதானே?’ என்று இன்டர்காமில் கேட்டால், எல்லாரும் ‘ஓகே’ என்றுதான் சொல்வார்கள். இளம்பிள்ளைகளுக்குக் கேப்டனிடம் இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. களைப்பினால் வேலையைச் சரியாகச் செய்ய முடியாத நிலையில் பணி செய்யக் கூடாது என்பது பணியாளர் மேலேயே சுமத்தப்பட்ட கடமை. வீட்டிலிருக்கும் அப்பா அம்மாவும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘முடியாது’ என்று உண்மையாகச் சொன்ன பிள்ளையை ‘வேலை போயிடுமே’ என்று நாம் ஏசக் கூடாது.

கேப்டன் கேட்டார், எல்லாரும் சம்மதித்தார்கள், விமானம் 4.15க்கு நின்றது. இப்போது இரண்டாவது கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி நேரம் சேர்த்தால் 4.45க்குப் பணி முடிகிறது. காலை 4.45லிருந்து மாலை 4.45 வரை சரியாக 12 மணி நேரம். சொந்தத் தளத்தில் ஓய்வு குறைந்தது 12 மணி நேரம், அல்லது முடித்த பணி எவ்வளவோ அவ்வளவு. இரண்டில் எது பெரிதோ அது. இங்கே இரண்டும் ஒன்றே. ஆகவே மறுநாள் காலை 4.45க்கு மறுபடி ரிப்போர்ட் செய்யச் சொன்னால், அது விதிக்கு உட்பட்டதுதான். மழை இன்னும் 20 நிமிடம் நீடித்திருந்தால் பணி 12 மணி 20 நிமிடம் ஆகியிருக்கும், ஓய்வும் 12 மணி 20 நிமிடம் வேண்டும், மறுநாள் 5.25க்கு முன் அழைக்க முடியாது. தாமதமான நாளில் மறுநாள் ரோஸ்டர் தானாக நகரவில்லை என்றால், யாரோ பழைய நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று இரவே அழைத்துக் கேளுங்கள். மறுநாள் காலை ரிப்போர்ட் செய்துவிட்டுக் கேட்டால் பயனில்லை.

இப்போது அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவோம். 4.45க்குப் பணி முடிகிறது. காரை எடுக்க 5 மணி. அது மாலை நெரிசல். ஏழு மணிக்குக் கோலசிலாங்கூர். குளித்து, சாப்பிட்டு, சீருடை தயார் செய்து, தம்பி தங்கையோடு இரண்டு வார்த்தை பேசிப் படுக்க ஒன்பது. மறுநாள் 4.45க்கு அங்கே நிற்க, வழிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்து, 3 மணிக்குக் கிளம்ப வேண்டும். தலைவாரி, முகத்துக்கு ஒப்பனை போட்டு, சீருடை அணிய 2.15க்கு எழ வேண்டும். ஒன்பதிலிருந்து 2.15 வரை ஐந்தே கால் மணி நேரம். படுத்த உடனே தூங்கிவிட்டால் அவ்வளவு. சட்டம் கொடுத்தது 12 மணி நேரம். கட்டிலுக்குக் கிடைத்தது ஐந்தே கால். மீதி எங்கே போனது? நான்கு மணி நேரத்துக்குக் கிட்ட சாலையில் போனது. அதிலும் வெட்டுப்பட்டது உடம்பு ஆழ்ந்து தூங்க விரும்பும் பின்னிரவு. சிப்பாங்கிலேயே வீடு இருந்தால் அதே 12 மணி நேரத்தில் எட்டு மணி நேரம் தூங்கியிருப்பாள்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பிரிட்டனின் பழைய விதிநூலான கேப் 371 இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த நூலுக்குப் பின்னணியாக அமைந்தது விமானி டக்ளஸ் பேடர் தலைமையில் அமைந்த குழுவின் 1973 அறிக்கை. வீட்டிலிருந்து வழக்கமாகப் புறப்படும் விமான நிலையத்துக்குப் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகுமானால், பணியாளர் தளத்துக்குப் பக்கத்தில் தற்காலிகத் தங்குமிடம் ஏற்பாடு செய்துகொள்வதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய விதிகளின் வழிகாட்டுதலிலும் அதே 90 நிமிடம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு என்றேனே, அது இதுதான். நம் வட்டாரம் சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறு விடியற்காலையில் கோட்டுக்கு இந்தப் பக்கம், வேலை நாள் மாலையில் அந்தப் பக்கம். அது கட்டாயம் இல்லை, அறிவுரைதான். வாடகையும் பணியாளர் தலையில்தான். இது நியாயமில்லை என்பது என் கருத்து. விடியற்காலைப் பணிகளை அடுத்தடுத்து வைக்கும் நிறுவனம், இடையில் ஒரு கட்டிலையும் தர வேண்டும்.

ஓய்வு நேரத்துக்காகக் கேபின் பணியாளர்கள் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 1994இல் வந்த விதி, 14 மணி நேரப் பணிக்குப் பிறகு 9 மணி நேர ஓய்வு என்றது. சில நிபந்தனைகளோடு அதை 8ஆகக் குறைக்கவும் இடம் விட்டது. 2009இல் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்த பிறகு, விமானிகளின் களைப்பு பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டு அவர்களுக்கு 2014இல் புதிய விதி வந்தது. பின்னால் நிற்பவர்களுக்கு வரவில்லை. 2018இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 10 மணி நேர ஓய்வு கொடு, அதைக் குறைக்க வழியும் வைக்காதே என்று உத்தரவிட்டது. அந்த விதியை வெளியிடவே 2022 அக்டோபர் ஆனது. ஒரே ஒரு மணி நேரத்துக்காக இத்தனை ஆண்டுகள். நிறுவனங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பணம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ரோஸ்டர் மேசையில் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தூக்கம் என்பதும் தெரியும்.

கேபின் பணியாளருக்கு ஏன் அவ்வளவு விழிப்பு வேண்டும், விமானத்தை ஓட்டுவது அவர்களா என்று கேட்பவர்கள் 2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோ ஹனேடாவில் நடந்ததை நினைக்க வேண்டும். ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்தவர்கள் 379 பேர். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. எந்தக் கதவுக்கு வெளியே தீ, எந்தக் கதவு திறக்கலாம் என்று சாளரம் வழியாகப் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஒன்பது கேபின் பணியாளர்கள். அந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். தவறான கதவைத் திறந்திருந்தால் புகையும் தீயும் உள்ளே வந்திருக்கும். இந்த முடிவை எடுக்க வேண்டிய கண், ஐந்தே கால் மணி நேரம் தூங்கிய கண்ணாக இருக்கக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீருடையோடு பயணியாக உட்கார்ந்து வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை பார்க்கச் சொன்னால், அந்தப் பயணம் செக்டராக எண்ணப்படாது. ஆனால் நேரம் பறப்புப் பணியில் சேரும். ‘நீ சும்மாதானே உட்கார்ந்து போனே’ என்று யாராவது அதைக் கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து, வாரக் கணக்கு. ஏழு நாளில் 60 மணி நேரப் பணிக்கு மேல் கூடாது. 168 மணி நேரத்துக்குள் ஒரு முறை, இரண்டு இரவுகள் அடங்கிய 36 மணி நேர நீண்ட ஓய்வு வர வேண்டும். ஒவ்வொரு நாளும் சட்டத்துக்குள் இருந்தாலும் வாரம் சட்டத்தை மீறலாம். ஆகவே நாளைத் தனியாக எண்ணுங்கள், வாரத்தையும் எண்ணுங்கள்.

நம் பிள்ளைகள் என்ன செய்யலாம்? சாலாக் திங்கியிலோ கோத்தா வாரிசானிலோ நிலாயிலோ மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கலாம். மாதம் முழுதும் அங்கே இருக்க வேண்டியதில்லை. ரோஸ்டர் வந்ததும் ஆறு மணிக்கு முந்திய ரிப்போர்ட்டிங் நாட்களை வட்டமிடுங்கள். அதற்கு முந்திய இரவு அங்கே. இரண்டு விடியற்காலைப் பணிகள் ஒட்டி வந்தால் நடுவில் வரும் இரவு கட்டாயம் அங்கே. மற்ற நாட்களில் வீட்டுக்கு வாருங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அந்த வட்டமிட்ட இரவுகளில் கோயில் திருவிழா என்றோ கல்யாணம் என்றோ பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். மாலை ஏழு மணிக்கு வந்து, விருந்தில் உட்கார்ந்து, மூன்று மணிக்குக் காரை எடுக்கும் பிள்ளைக்கு ஆபத்து விமானத்தில் தொடங்குவதில்லை, லத்தாரிலேயே தொடங்குகிறது.

ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து குறிப்பு போதும்: விமானிகளின் ரிப்போர்ட்டிங், உங்கள் ரிப்போர்ட்டிங், செக்டர் எண்ணிக்கை, கடைசியாகக் கட்டை வைத்த நேரம், கையெழுத்துப் போட்டு வெளியே வந்த நேரம். ஆறாவதாக, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். களைப்பு அறிக்கை எழுதும்போது ‘ரொம்ப டயர்டா இருந்தது’ என்ற வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘4.45 ரிப்போர்ட்டிங், நான்கு செக்டர், 50 நிமிடத் தாமதம், 12 மணி நேர ஓய்வில் ஐந்தே கால் மணி நேரத் தூக்கம், மறுநாள் மீண்டும் 4.45’ என்று எழுதினால், அதைப் படிப்பவர் பதில் எழுதியாக வேண்டும். யாருக்காவது சொந்த ரோஸ்டரை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டுமானால், கூட்டம் முடிந்ததும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே போடுவோம்.